சொந்தக்காரரை எப்படி ‘பிளாக்’ செய்வது?

கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகள், வீட்டிலேயே முறுக்கு, நெய் உருண்டை, அச்சு முறுக்கு சுட்டு விற்கிறாள். ஜாலான் தெங்கு கிளானாவில் கடை எடுக்க வாடகை கட்டுப்படியாகாது. அதனால் இன்ஸ்டாகிராம்தான் அவளுடைய கடை. படம் போடுவாள், கீழே கருத்துப் பகுதியில் ஆர்டர் வரும். கடந்த ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரே ஆள் எழுத ஆரம்பித்தார். “போன வருஷம் எண்ணெய் வாடை அடிச்சது.” “இந்த விலைக்கு கடையிலேயே வாங்கலாம்.” “யாரு செஞ்சது, அம்மாவா நீயா?” எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு சிரிப்புப் பொம்மை.

யாரோ முகம் தெரியாதவர் என்றால் பிரச்சினையே இல்லை. எழுதியது எங்கள் அத்தை மகன். எனக்கு மாமா முறை, அவளுக்கும்தான். அடுத்த மாதம் அவர் வீட்டுக் கல்யாணம். பத்திரிகை எங்கள் இரண்டு வீட்டுக்கும் வந்துவிட்டது.

“அக்கா, பிளாக் பண்ணிடட்டா?” என்று கேட்டாள். நான் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறேன், கே.எல். சென்ட்ரலில் கோமுட்டர் ஏறினால் கிள்ளான் போய்விடலாம். சனிக்கிழமை வருகிறேன், அதுவரை எதையும் அழுத்தாதே என்று சொல்லி வைத்தேன். நான் ஒரு நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவள். இந்தக் கேள்வியை மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் கைக்கு முதலில் வருவது பிளாக்தான். இன்ஸ்டாகிராமில் அது ஒன்றுதான் வழி என்ற நிலை மாறி வெகு நாளாகிவிட்டது. 2018-இல் மியூட் வந்தது, 2019-இல் ரிஸ்ட்ரிக்ட் வந்தது. மூன்றும் மூன்று வேலை செய்பவை. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால், குழம்புக்குப் பதில் ரசத்தை ஊற்றிய கதைதான்.

பிளாக்கிலிருந்து தொடங்குகிறேன். மாமாவை அவள் பிளாக் செய்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவருக்கு எந்த அறிவிப்பும் போகாது. அது உண்மை. ஆனால் தெரியாமலும் போகாது. அவர் கைப்பேசியில் அவளுடைய பக்கம் தேடினால் கிடைக்காது. படங்கள், ஸ்டோரி எதுவும் வராது. இருவரும் ஒருவரை ஒருவர் பின்தொடர்ந்தது இரண்டு பக்கமும் அறுந்துவிடும். இதுவரை அவர் போட்ட லைக்குகளும் கருத்துகளும் அவளுடைய படங்களிலிருந்து நீங்கிவிடும். பிறகு மனம் மாறி பிளாக்கை எடுத்தாலும் அவை திரும்பி வராது. பழைய உரையாடல் மட்டும் அவருடைய பெட்டியில் அப்படியே கிடக்கும். அதில் அவர் எதை அனுப்பினாலும் இவளுக்கு வந்து சேராது.

முந்தாநாள் வரை தினமும் தெரிந்த பக்கம் இன்று இல்லை என்றால் மனிதர் என்ன செய்வார்? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவியின் கைப்பேசியை வாங்கிப் பார்ப்பார். அதில் முறுக்குப் படம் பளிச்சென்று இருக்கும். அவ்வளவுதான், விஷயம் விளங்கிவிடும். பிளாக் செய்யும்போது அந்த நபரின் மற்றக் கணக்குகளையும், இனிமேல் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்க ஒரு தேர்வு இருக்கிறது. ஆனால் அது அவருடைய கணக்குகளுக்குத்தான். மனைவியின் கணக்கு, மகனின் கணக்கு, கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் கணக்கு எல்லாம் திறந்தே இருக்கும். பொதுக் கணக்கு வைத்து வியாபாரம் செய்கிறவர்களுக்கு பிளாக் என்பது, முன்வாசலைச் சாத்திவிட்டுப் பக்கத்து வீட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி.

சரி, மியூட்? இதைத்தான் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். மியூட் செய்தால் அவர் வாயை அடைத்துவிட்டதாக நினைக்கிறார்கள். உண்மையில் மியூட் செய்வது நம் காதை. நாம் பின்தொடரும் ஒருவருடைய படங்களும் ஸ்டோரிகளும் நம் முகப்பில் வராமல் இருக்கும். அவருக்கு அது தெரியாது. பின்தொடர்வது அறுந்துபோகாது. நமக்குத் தோன்றினால் அவர் பக்கத்துக்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர் பக்கத்தில் ஒன்றும் மாறவில்லை. நம் படங்களைப் பார்ப்பார், கருத்து எழுதுவார், தகவல் அனுப்புவார். மாமா தினமும் தன் புது காரைப் படம் எடுத்துப் போட்டு அவளுக்கு எரிச்சலூட்டுகிறார் என்றால் மியூட் அருமையான மருந்து. (அவர் போடுகிறார். அவரை நான் எப்போதோ மியூட் செய்துவிட்டேன். கல்யாணத்தில் “கார் எப்படி?” என்று கேட்டபோது “சூப்பர் மாமா” என்றேன்.) ஆனால் இங்கே பிரச்சினை அவர் தன் பக்கத்தில் போடுவது அல்ல, அவளுடைய வாடிக்கையாளர்கள் கண்ணில் படும்படி அவள் பக்கத்தில் எழுதுவது. அதற்கு மியூட்டால் ஒரு பயனும் இல்லை.

ரிஸ்ட்ரிக்ட் இந்த மாதிரி இடத்துக்கென்றே செய்யப்பட்டது. இதைக் கொண்டுவந்தபோது இன்ஸ்டாகிராம் சொன்ன காரணம் எனக்கு அப்போதே பிடித்திருந்தது. தொல்லைக்கு ஆளாகும் இளையவர்கள், தொல்லை தருபவரை பிளாக் செய்யத் தயங்குகிறார்களாம். ஏனென்றால் அவர் பள்ளியில் எதிரே வருவார், பிளாக் செய்தது தெரிந்தால் இன்னும் மோசமாகும். அமெரிக்கப் பள்ளிக்கூடத்துக்காக யோசித்தார்களோ என்னவோ, நம் குடும்பங்களுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

சனிக்கிழமை கிள்ளான் போனதும் முதலில் ஒத்திகை பார்த்தோம். அவள் கைப்பேசியில் கடைக் கணக்கு, என் கைப்பேசியில் நான் சோதனைக்கு வைத்திருக்கும் இரண்டாவது கணக்கு, சித்தியின் கைப்பேசி ‘வாடிக்கையாளர்’. என் சோதனைக் கணக்கின் பக்கத்துக்குப் போய், மேலே இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தி, Restrict என்பதைத் தொட்டாள். எனக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. அவளுடைய படங்களும் ஸ்டோரியும் எனக்கு முன்போலவே தெரிந்தன. லைக் போட முடிந்தது. “முறுக்கு கருகிப் போச்சு” என்று எழுதினேன். என் திரையில் மற்றக் கருத்துகளோடு அதுவும் அழகாக உட்கார்ந்திருந்தது. சித்தியின் கைப்பேசியில் அது இல்லவே இல்லை. அவள் கைப்பேசியில் கருத்து மறைக்கப்பட்டு, அந்த இடத்தில் See comment என்று மட்டும் இருந்தது. அதைத் தொட்டால் படிக்கலாம். படித்த பிறகு எல்லோருக்கும் காட்ட அனுமதிக்கலாம், அழிக்கலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். விட்டுவிட்டால் எழுதியவருக்கும் அவளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு கருத்து வந்தது என்று அவள் கைப்பேசி சத்தம் போடவும் இல்லை.

சித்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அப்போ அவன் தனியா பேசிக்கிட்டே இருப்பான்?” என்றார். ஆமாம், அதேதான்.

பிறகு தனித் தகவல் அனுப்பிப் பார்த்தேன். அது அவளுடைய வழக்கமான பெட்டிக்குப் போகாமல், தெரியாதவர்களின் தகவல்கள் வந்து நிற்கும் ‘மெசேஜ் ரிக்வெஸ்ட்’ பகுதிக்குப் போனது. அவள் திறந்து படித்தாள். படித்துவிட்டாள் என்று எனக்குக் காட்டவில்லை. அவள் இணைப்பில் இருக்கிறாளா என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஆக, ரிஸ்ட்ரிக்ட் செய்யப்பட்டவர் பார்ப்பது ஏறக்குறைய எல்லாம் பழையபடியே இருக்கும்; அவர் பேசுவது மட்டும் நம் அனுமதிக்காகக் காத்திருக்கும்.

ஒத்திகை முடிந்து மாமாவை ரிஸ்ட்ரிக்ட் செய்தாள். ஆனால் அதோடு வேலை முடியவில்லை. இந்த ஏற்பாடு இனிமேல் எழுதும் கருத்துகளுக்குத்தான். ஏற்கனவே எழுதியிருந்த எண்ணெய் வாடையும் சிரிப்புப் பொம்மையும் அப்படியே இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஒரே நாளில் அழித்தால் அவருக்குச் சந்தேகம் வரும் என்பதால், ஆர்டர் குவியும் இரண்டு படங்களில் மட்டும் முதலில் அழித்தாள். இன்னொன்று, இது அவளுடைய சொந்தப் படங்களின் கீழ் மட்டும்தான் வேலை செய்யும். அவர் வேறொருவர் படத்தின் கீழ் அவளைப் பற்றி எழுதினால் ஊரே பார்க்கும்.

மாமாவுக்குத் தெரிய வழியே இல்லையா என்றால், இருக்கிறது. மனைவியின் கைப்பேசியில் அதே படத்தைத் திறந்து, தான் எழுதியதைத் தேடினால் காணக் கிடைக்காது. ஆனால் அப்படித் தேட ஒரு காரணம் வேண்டும். பக்கமே காணாமல் போனால் தேடுவார்கள். தன் கருத்து தன் கண்ணுக்குத் தெரியும்போது யாரும் இரண்டாவது கைப்பேசியை எடுப்பதில்லை. வித்தியாசம் இதில்தான் இருக்கிறது.

இதில் வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஒரு சங்கடமும் உண்டு. இரண்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் அவள் அந்த ரிக்வெஸ்ட் பகுதியை எட்டிப் பார்த்தபோது மாமாவின் தகவல் இருந்தது. “கல்யாணத்துக்கு ஐம்பது பாக்கெட் அச்சு முறுக்கு வேணும், விலை சொல்லு.” வந்து மூன்று நாளாகிவிட்டது! ஒலி எழுப்பாத பெட்டியில் விழுந்தது யார் காதில் விழும்? படித்தது அவருக்குத் தெரியாது என்பதால், பதற்றப்படாமல் அவருக்கு நேரே தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, கல்யாண வேலை எப்படிப் போகுது, பலகாரம் ஏதாவது வேணுமா?” என்று கேட்டாள். ஆர்டர் கிடைத்தது. ரிஸ்ட்ரிக்ட்டை எடுக்கவில்லை. யாரையாவது ரிஸ்ட்ரிக்ட் செய்திருந்தால், இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்தப் பகுதியைத் திறந்து பார்ப்பது நல்லது.

இங்கே ஒரு எச்சரிக்கை. முகநூலிலும் ‘ரிஸ்ட்ரிக்டட்’ என்று ஒரு பட்டியல் உண்டு. இன்ஸ்டாகிராமும் முகநூலும் ஒரே நிறுவனத்தின் பிள்ளைகள், பெயரும் ஒன்றே. வேலையோ தலைகீழ். முகநூலில் ஒருவரை அந்தப் பட்டியலில் போட்டால் அவர் நம் நண்பராகவே இருப்பார். ஆனால் நாம் நண்பர்களுக்கென்று போடும் பதிவுகள் அவருக்குத் தெரியாது. எல்லோருக்கும் பொதுவாகப் போடுவதும், அவரை நாம் டேக் செய்ததும் மட்டும்தான் தெரியும். அதாவது இன்ஸ்டாகிராமில் அவர் எல்லாவற்றையும் பார்ப்பார், அவர் பேச்சு மறையும். முகநூலில் நம் பதிவு அவருக்கு மறையும், பொதுப் பதிவில் அவர் எழுதினால் அதை எல்லோரும் படிக்கலாம். எங்கள் அலுவலகத்தில் ஒரு அண்ணன், முகநூலில் ஒருவரை ரிஸ்ட்ரிக்டட் பட்டியலில் போட்டுவிட்டு, “இன்னும் என் கடைப் பதிவுல வந்து எழுதுறானே” என்று குழம்பினார். கடைப் பதிவு பொதுப் பதிவு. பிறகென்ன, எழுதத்தான் செய்வான்.

வாட்ஸ்அப், நம் நாளிதழ்கள் புலனம் என்று எழுதுவது, இன்னும் வேறு மாதிரி. அங்கே ரிஸ்ட்ரிக்ட் கிடையாது. மியூட் என்பது சத்தத்தை நிறுத்துவது மட்டுமே. எட்டு மணி நேரத்துக்கு, ஒரு வாரத்துக்கு, அல்லது எப்போதைக்கும். தகவல் வந்துகொண்டுதான் இருக்கும். பிளாக் செய்தால் அந்த எண்ணிலிருந்து தகவலும் அழைப்பும் வராது. அனுப்பியவருக்கு ஒற்றைக் குறி மட்டும் நிற்கும், இரண்டாவது குறி விழாது. நம் ஸ்டேட்டஸ், கடைசியாக வந்த நேரம், புதிதாக மாற்றும் படம் எதுவும் அவருக்குத் தெரியாது. பிளாக்கில் இருந்தபோது அனுப்பியவை, பிறகு எடுத்தாலும் வந்து சேர்வதில்லை. ஆனால் குடும்பக் குழு? அங்கே பிளாக் செல்லாது. இருவரும் குழுவில் இருந்தால், அவர் காலை வணக்கம் நமக்கும் நம் பதில் அவருக்கும் வழக்கம்போல் போய்ச் சேரும். இதைத் தெரியாமல், பிளாக் செய்த தைரியத்தில் குழுவில் எதையாவது எழுதி வைத்தவர்கள் உண்டு. பிளாக் வரைக்கும் போக வேண்டாம், என் ஸ்டேட்டஸை அவர் பார்க்காமல் இருந்தால் போதும் என்பவர்கள், ஸ்டேட்டஸ் அமைப்பில் My contacts except… என்பதைத் தேர்ந்து அவர் பெயரைச் சேர்த்தால் போதும். குழுவிலும் சரி, தனியாகவும் சரி, அவருக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியாது.

பிளாக்கின் பொருள்கூட எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதற்கு எக்ஸ் தளம் ஒரு சாட்சி. 2024 நவம்பரிலிருந்து அங்கே நாம் பிளாக் செய்தவர் நம் பொதுப் பதிவுகளைப் பார்க்க முடியும். பதில் எழுதவும் பகிரவும்தான் முடியாது. படிக்கவே கூடாது என்றால் கணக்கைப் பூட்டித்தான் ஆக வேண்டும்.

இதுவரை சொன்னது வாய் நீண்ட சொந்தக்காரருக்கு. மிரட்டுகிறவனுக்கு இது போதாது. நம் நாட்டில் அதை எல்லோரும் கசப்போடு அறிந்துகொண்டது 2024 ஜூலையில். டிக்டாக்கில் ஈஷா என்று அறியப்பட்ட ராஜேஸ்வரி அப்பாஹு, இணையத் துன்புறுத்தலுக்கு ஆளாகி, ஜூலை 5-ஆம் தேதி இறந்தார். முந்தைய நாள்தான் தமக்கு வந்த மிரட்டல்கள் பற்றிக் காவல் துறையில் புகார் கொடுத்திருந்தார். அந்த வழக்கில் ஒரு பெண்ணுக்கு 100 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டபோது நாடே கொதித்தது. 1955-ஆம் ஆண்டுச் சிறு குற்றங்கள் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் அதுதான் உச்ச அபராதம். அதன் பிறகு தண்டனைச் சட்டத்தில் 507B முதல் 507G வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் நடப்பில் உள்ளன. துன்புறுத்தல், மிரட்டல், ஒருவரின் அடையாள விவரங்களை வெளியிட்டுத் தொல்லை தருவது ஆகியவை இப்போது தனிக் குற்றங்கள்.

அந்தச் செய்தியைப் படித்தபோது என் தோழிகள் சிலர், “பிளாக் பண்ணியிருக்கலாமே” என்றார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. பிளாக், மியூட், ரிஸ்ட்ரிக்ட் மூன்றும் என் பக்கத்தில் என்ன நடக்கலாம் என்பதை மட்டும் தீர்மானிப்பவை. ஒருவன் தன் நேரலையில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லி நூறு பேர் முன்னால் அசிங்கமாகப் பேசினால், நான் அழுத்தும் எந்தப் பொத்தானும் அந்த நேரலையை நிறுத்தாது. நான் பிளாக் செய்திருந்தால் அவன் பேசுவது எனக்குத் தெரியாமல் போகலாம், அவ்வளவே. கேட்ட நூறு பேரும் கேட்டவர்கள்தான். இப்படிப்பட்ட நேரத்தில் தனியாக இருந்து மனம் உடைகிறவர்கள், பிரெண்டர்ஸ் அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைத்துப் பேசலாம்.

மிரட்டல் என்றால் பிளாக் செய்யத்தான் வேண்டும். ஆனால் முதலில் ஒரு வேலை இருக்கிறது. இன்ஸ்டாகிராமில் பிளாக் செய்ததும் அவன் எழுதிய கருத்துகள் நம் படங்களிலிருந்து நீங்கிவிடும் என்று மேலே சொன்னேன். முறுக்குக் கடைக்கு அது நிம்மதி, காவல் நிலையத்துக்குப் போகிறவருக்கு அது சாட்சியம் அழிவது. அதனால் கருத்து, தேதி, அவனுடைய பயனர் பெயர் மூன்றும் ஒரே படத்தில் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுக்க வேண்டும். பிறகு அவன் பக்கத்துக்குப் போய், அதன் இணைய முகவரியை நகலெடுத்து ஒரு குறிப்பில் ஒட்டி வைக்க வேண்டும். காட்டும் பெயரை மாற்றிக்கொள்ளலாம், பயனர் பெயரையும் மாற்றலாம். எந்தத் தேதியில் எந்தப் பெயரில் இருந்தான் என்பது நம்மிடம் இருக்க வேண்டும். நேரலை என்றால் திரையைப் பதிவு செய்வது ஒன்றே வழி, முடிந்த நேரலை நமக்காகக் காத்திருக்காது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். எடுத்தவற்றை அக்காவுக்கோ அம்மாவுக்கோ அனுப்பி, இரண்டாவது கைப்பேசியிலும் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் பத்து நிமிட வேலை. அது முடிந்த பிறகு செயலியிலேயே ரிப்போர்ட் செய்யுங்கள், பிறகு பிளாக்கை அழுத்துங்கள். காவல் நிலையத்தில் புகார் எழுதும்போது அந்த ஸ்கிரீன்ஷாட்களின் அச்சுப் பிரதிகளையும் கையோடு கொண்டுபோங்கள்.